ஒரு ஆளுக்கு ஒரு ஆள், ஆறு மாதம்: இதுக்குக்கூடவா நம்ம கோயில்ல ஆள் இல்லை?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை.

போன மாதம் நிர்வாகக் கூட்டத்தில் மறுபடியும் அதே பேச்சுதான். "நம்ம பிள்ளைங்க சர்ச்சுக்குப் போறாங்க, ஆசை காட்டி இழுத்துட்டுப் போயிடுறாங்க." மேசையைத் தட்டிப் பேசினார்கள். அதோடு சரி. அடுத்த விஷயம் தேருக்கு லைட் போடுவது. தொண்டர்களாகிய நாங்கள் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கூட்டத்தில் யாரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அங்கே போகிற பையனுக்கு முதல் ஆறு மாதம் என்ன நடக்கிறது? நம்மிடம் வருகிற பையனுக்கு முதல் ஆறு மாதம் என்ன நடக்கிறது?

அங்கே நடப்பதை எங்களுக்குச் சொன்னது எங்கள் கோயிலுக்குத் திரும்பி வந்த ஒரு தம்பிதான். பெயர் வேண்டாம். முதல் முறை போன இரண்டாம் நாளே ஒருவர் போன் பண்ணியிருக்கிறார். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து இவனோடு மட்டும் பேசியிருக்கிறார். மாற்கு எழுதிய சுவிசேஷம் 16 அதிகாரம். வாரம் ஒன்று படிப்பது, பிறகு கேள்வி, பிறகு அந்த வாரம் இவன் பட்ட கஷ்டத்துக்கு ஜெபம். எப்படி ஜெபிப்பது, எப்படித் தனியாகப் படிப்பது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பது. முடிவில் "இனி நீ இன்னொருத்தரோட உட்காரணும்" என்பது. இதற்கு அவர்கள் சீஷத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், என்னிடம் கேட்டதை மற்றவர்களுக்குச் சொல்லித்தரக்கூடிய நம்பிக்கையான ஆட்களிடம் ஒப்படை என்று வருகிறது. அதுதான் இதற்கு அடிப்படை. அமெரிக்காவில் 1930களில் டாசன் டிராட்மன் என்பவர் போர்க்கப்பல் மாலுமி ஒருவரோடு இப்படி உட்கார்ந்து ஆரம்பித்ததுதான் பிறகு நேவிகேட்டர்ஸ் என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது. ஒரு ஆள், ஒரு மாலுமி. மேடை இல்லை, மைக் இல்லை.

இதில் ஆசை காட்டுவது எங்கே இருக்கிறது? ஒருத்தர் நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குக் கோபப்பட நமக்கு உரிமை இல்லை.

இப்போது நம்ம பக்கம். இதே தம்பி அதற்கு முன் மூன்று வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவன். விரதம் இருந்து, பால்குடம் எடுத்து, அடுத்த வருஷம் காவடி. விரதம் முடிந்த மறுநாள் என்ன செய்வது என்று இங்கே ஒருவரைக் கேட்டிருக்கிறான். "அடுத்த வருஷம் பெருசா எடு" என்று பதில் வந்திருக்கிறது. இன்னொருவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து மண்டபத்தைக் கூட்டச் சொன்னார். அவன் கூட்டினான். மூன்று மாதம் கூட்டினான். நாற்காலி அடுக்கினான், அன்னதானத்துக்கு வாளி தூக்கினான். அவனோடு உட்கார்ந்து பேச ஒருத்தருக்கும் நேரம் இல்லை. அதுக்கப்புறம்தான் போனான்.

திரும்பி வந்தவனைச் சும்மா விடக்கூடாது என்று நாங்கள் சில தொண்டர்கள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். ஆறு மாதம், 26 வாரம், வாரம் ஒரு மணி நேரம், ஒரு ஆளுக்கு ஒரு ஆள். நிர்வாகத்திடம் காசு கேட்கவில்லை. அப்படியிருந்தும் மூன்று எதிர்ப்பு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறோம். சொல்லும்போதே திட்டமும் புரியும்.

முதல் எதிர்ப்பு: "இது கிறிஸ்துவர் முறை, காப்பி அடிக்கிறீங்க."

அப்படியா? திலகவதியார் செய்தது என்ன? அவருக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். தம்பி மருணீக்கியாருக்காகத்தான் அந்த அம்மா உயிரையே வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி சமணத்துக்குப் போய் தருமசேனர் என்று பெரிய ஆளாகிவிட்டார். அக்கா போய்ச் சண்டை போடவில்லை. ஊரைக் கூட்டவில்லை. திருவதிகைக் கோயிலில் கூட்டி மெழுகி, தம்பிக்காக வேண்டிக்கொண்டே இருந்தார். சூலைநோய் வந்து தம்பி ஆள் அனுப்பியபோதுகூட அவர் அங்கே போகவில்லை. தம்பிதான் இரவோடு இரவாக வந்து சேர்ந்தார். வந்தவரிடம் "ஏன் போனே?" என்ற விசாரணை இல்லை. திருநீறு கொடுத்தார், ஐந்தெழுத்தைச் சொன்னார். விடியற்காலையில் தாம் கோயிலுக்குத் தொண்டு செய்யப் போகும்போது கூடவே கூட்டிப்போனார். அங்கே வாய் திறந்து பாடியவர்தான் நமக்கு அப்பர் சுவாமிகள். பெரியபுராணத்தில் இருக்கிற கதை, எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு ஆளுக்கு ஒரு ஆள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கவனியுங்கள், விளக்குமாறு அங்கேயும் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா தம்பி கையில் அதைக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குள் போய் உட்காரவில்லை. தானே கூட்டப் போகும்போது கூட்டிக்கொண்டு போனார்.

(இடையில் ஒன்று. இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தியா, போனா நோய் வரும்" என்று பயமுறுத்துகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். பயத்தில் திரும்பி வந்தவன் பயம் தெளிந்ததும் போய்விடுவான்.)

இன்னும் ஒன்று சொல்லலாம். சிவஞானபோதம் செய்த மெய்கண்டார் வயதில் சின்னவர். அவர் குடும்பத்துக்கே குருவாக இருந்த அருணந்தி சிவாசாரியார் அவரிடம் வந்து சீடராக உட்கார்ந்தார். சிவஞானபோதத்தில் மொத்தம் 12 சூத்திரம். கடைசிச் சூத்திரம் அடியாரோடு கூடி இருக்கச் சொல்கிறது, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே வணங்கச் சொல்கிறது. கூடி இருப்பது என்றால் அன்னதான வரிசையில் முன்னும் பின்னும் நிற்பதா?

இரண்டாம் எதிர்ப்பு: "அதான் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு நடக்குதே."

நடக்கிறது, நல்லது, நடக்கட்டும். அதை நடத்துகிற ஆசிரியைகளைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். மலேசிய இந்து சங்கம் வருஷா வருஷம் நடத்துகிற திருமுறை ஓதும் விழாவில் நம் பிள்ளைகள் பாடுவதும் அவர்களால்தான். ஆனால் அது சின்னப் பிள்ளைகளுக்கு. 23 வயசுப் பையன், தேசியப் பள்ளியில் படித்தவன், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாதவன், எட்டு வயசுப் பிள்ளை பக்கத்தில் போய் உட்காருவானா? வெட்கத்திலேயே செத்துவிடுவான். நம்மில் பலர் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள். புதுசா வர்ற ஆப்பரேட்டரை முதல் நாளே லைனில் தனியாக விடுகிறோமா? பழைய ஆள் ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைக்கிறோம். மெஷினுக்குக் கொடுக்கிற அந்த மரியாதையைச் சாமிக்குக் கொடுக்க மாட்டோமா?

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் என்னதான் செய்கிறோம்?

முதல் நான்கு வாரம் பாட்டு இல்லை, தத்துவம் இல்லை. தினமும் ஐந்து நிமிஷம் மட்டும். குளித்து, திருநீறு பூசி, விளக்கு ஏற்றி, ஐந்தெழுத்தை மனதுக்குள் சொல்வது. இந்தத் தம்பி மூன்று பேரோடு வாடகை அறையில் இருக்கிறான். அலமாரி மேல்தட்டில் ஒரு சின்ன முருகன் படம், அவ்வளவுதான் இடம். கூட இருப்பவர்களில் ஒருவருக்கு நெருப்புப் பிடிக்காது. அதனால் விளக்கு இல்லாமலே ஆரம்பித்தான். விளக்கு இல்லாமல் கும்பிடலாமா என்று கேட்காதீர்கள். கும்பிடலாம்.

இந்த மாதத்திலேயே ஒரு நாள் கூட்டம் இல்லாத நேரத்தில் கோயிலைச் சுற்றிக் காட்டுவோம். முதலில் ஏன் பிள்ளையார், பலிபீடம் எதற்கு, கொடிமரத்துக்கு அப்பால் வந்துதான் ஏன் விழுந்து கும்பிட வேண்டும். மூன்று வருஷம் காவடி எடுத்தவனுக்குப் பலிபீடம் என்றால் நம்முடைய ஆணவத்தை விட்டுவிட்டு உள்ளே போகிற இடம் என்று யாரும் சொன்னதில்லை. அன்று அவன் அங்கேயே நின்றுவிட்டான். "நான் இத்தனை நாளா இதைத் தாண்டிப் போறப்ப போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே போவேன் அண்ணே" என்றான்.

ஐந்தாவது வாரத்திலிருந்து சிவபுராணம். மாணிக்கவாசகர் அருளியது, எட்டாம் திருமுறை, 95 அடி. வாரம் ஐந்து அடி என்று வைத்தால் 19 வாரம். 23ஆம் வாரம் முடிந்துவிடும், மூன்று வாரம் கையில் நிற்கும். முருகன் கோயிலில் கவசம் வைக்காமல் இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். கவசம் பலருக்குக் காதில் விழுந்து விழுந்து பாதி தெரியும், தெரிந்ததாலேயே பொருள் கேட்க மாட்டார்கள். சிவபுராணம் புதிதாக இருக்கும், ஒவ்வொரு அடியிலும் நின்று கேட்பார்கள். அதுதான் காரணம்.

தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு ரூமி எழுத்தில் புத்தகம் இருக்கிறது. அதை மட்டும் நம்பினால் கெட்டது. பல புத்தகங்களில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்துதான் போட்டிருப்பார்கள், ன, ணவும் அப்படித்தான். அவர் படிக்கிறபடி படித்துப் பழகிவிட்டால் பிறகு திருத்தவே முடியாது. அதனால் முதலில் காது. அந்த வாரத்து ஐந்து அடியைத் துணையாக இருப்பவர் மெதுவாகப் பாடி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவார். தம்பி ஃபேக்டரி பஸ்ஸில் போகும்போது கேட்பான். நன்றாகக் காதில் ஏறிய பிறகுதான் ரூமித் தாள். பாடத் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். ராகம் தேவையில்லை, எழுத்துச் சுத்தமாக ஓதினால் போதும்.

சந்திக்கும்போது முதலில் அந்த வாரம் எப்படிப் போச்சு என்ற பேச்சு. வேலை, வீடு, கடன், எதுவானாலும். பிறகு ஓதுவது, பொருள். பிறகு அவன் கேள்வி. கடைசியில் அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலை. இரண்டு கொடுத்தால் இரண்டும் நடக்காது. துணையாக இருப்பவர் பாதி நேரத்துக்கு மேல் பேசிவிட்டால் அன்றைய சந்திப்பு தோல்வி என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. நம் ஆட்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். மைக்கைக் கொடுத்தாலும் விடமாட்டோம், மைக் இல்லாவிட்டாலும் விடமாட்டோம்.

முக்கியமான கட்டுப்பாடு ஒன்று. சர்ச்சைப் பற்றித் துணையாக இருப்பவர் ஒரு வார்த்தைகூடத் தப்பாகப் பேசக்கூடாது. தம்பி அதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தான். அவனோடு உட்கார்ந்த அந்த மனிதரைத் திட்டினால், தன் கஷ்டத்துக்குக் கண்ணை மூடி வேண்டிக்கொண்ட ஒருவரைத் திட்டுகிறார்கள் என்றுதானே அவனுக்குத் தோன்றும்? அவரோடு இன்றும் நட்பாகத்தான் இருக்கிறான். இருக்கட்டும்.

எட்டு வாரம் நன்றாகப் போனது. 20 அடி வந்துவிட்டது. ஒன்பதாம் வாரம் ஆளைக் காணோம். பத்தாம் வாரமும் இல்லை. அனுப்பிய குரல் பதிவுகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இது பொதுவாக நடக்கிற இடம்தான், இரண்டு மூன்று மாதத்துக்கு இடையில். புதுசு என்ற வேகம் குறைந்துவிடும், பழக்கம் இன்னும் பிடித்திருக்காது. இந்த இடத்தில் நம் வழக்கம் என்ன? "அவனுக்குக் கொடுப்பினை இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பது. இல்லையென்றால் குரூப்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி "என்ன தம்பி, சாமிய மறந்துட்டியா?" என்று போடுவது. இரண்டாவது இன்னும் மோசம்.

துணையாக இருந்த அண்ணன் ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவன் பஸ் இறங்குகிற இடத்துக்கே போனார். மாமாக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக்கொடுத்தார். பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அரை மணி நேரத்தில் விஷயம் தானாக வந்தது. நைட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள், 12 மணி நேரம். பகலில் தூக்கம். ஐந்து அடி மனப்பாடம் ஆகவில்லை, வெறுங்கையோடு அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்று வரவில்லை. அவ்வளவுதான். அவன் விலகவில்லை, வெட்கப்பட்டான்.

அதோடு மூன்று விஷயத்தை மாற்றினோம். சந்திக்கிற நாளை "ஒவ்வொரு செவ்வாய்" என்று வைக்காமல் அவன் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து மாதத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்வது. ஐந்தெழுத்தைத் தூங்கப் போகும் முன் சொல்வது, அது காலை எட்டு மணியாக இருந்தாலும். பாட்டு வாரம் இரண்டு அடியாகக் குறைப்பது. நான்கு வாரம் அப்படியே போனது, எட்டு அடி. 15ஆம் வாரத்திலிருந்து அவனே "அஞ்சு குடுங்கண்ணே" என்றான். 26ஆம் வாரம் முடியும்போது 88 அடி. ஏழு அடி பாக்கி. யாரும் மார்க் போடவில்லை, சான்றிதழ் கொடுக்கவில்லை. சான்றிதழ் அடித்து மேடையில் கொடுக்கலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கொடுத்திருந்தால் 88 அடியோடு மேடை ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றிருப்பான்.

நான்காம் மாதத்தில் பதி, பசு, பாசம் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வைத்திருந்தோம். ஆணவம், கன்மம், மாயை மூன்றையும் அவன் வாழ்க்கையில் இருந்தே எடுத்துப் பேசுவதாகத் திட்டம். கன்மம் என்ற வார்த்தையைச் சொன்னதுமே அவன் முகம் மாறிவிட்டது. அவனுக்கு 16 வயசில் அம்மா கிட்னி நோயில் போய்விட்டார். இழவு வீட்டிலேயே ஒரு பெரியவர் "போன ஜென்மத்து வினை" என்று சொல்லியிருக்கிறார். ஏழு வருஷமாக அதை மனசுக்குள் வைத்திருக்கிறான். "எங்கம்மா என்ன பாவம் செஞ்சாங்க அண்ணே? சொல்லுங்க." சர்ச்சில் அவனை இழுத்தது எது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. அங்கே அவன் அம்மாவுக்காக யாரோ ஒருவர் அழுதிருக்கிறார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது தம்பி, அடுத்த வாரம் கேட்டுட்டு வர்றேன்" என்றார். கேட்டுக்கொண்டும் வந்தார், ஓதுவாரிடம். சித்தாந்தத்தில் வினையை ஊட்டுவது இறைவன், உயிரைப் பிடித்திருக்கிற மலத்தைக் கழுவத்தான் அந்த அனுபவம். யாருடைய எந்த வினை எப்போது வந்தது என்று கணக்குப் பார்க்கிற வேலை மனுஷனுக்குக் கொடுக்கப்படவில்லை. இழவு வீட்டில் வினையைப் பற்றிப் பேசியவர் தனக்குத் தெரியாத கணக்கைப் பேசினார். இதைச் சொல்லிவிட்டு, அம்மா பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யலாமா என்று கேட்டார். இரண்டு பேரும் போனார்கள். அந்த வாரம் பாட்டு எதுவும் நடக்கவில்லை.

நாற்பது பேர் உட்காருகிற வகுப்பில் இந்தக் கேள்வி வந்திருக்குமா? சமயச் சொற்பொழிவு முடிந்து "கேள்வி இருந்தால் கேட்கலாம்" என்று சொல்கிற இரண்டு நிமிஷத்தில் வந்திருக்குமா?

ஐந்தாம் மாதம் வரைக்கும் கோயில் வேலை எதுவும் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் விதி. இதற்குத்தான் நிர்வாகத்தில் ரொம்பச் சத்தம். ஆள் பற்றாக்குறை நேரத்தில் இளம் பையனைச் சும்மா உட்கார வைப்பதா என்று. நாங்களும் தொண்டு செய்கிறவர்கள்தான், தொண்டின் அருமை தெரியாமல் பேசவில்லை. ஆனால் புதுசா வந்தவரைக் கை வேலைக்காரராகப் பார்த்தால், அவர் வேலை இருக்கிற வரைக்கும் வருவார், திட்டு வாங்கிய அன்றைக்கு நின்றுவிடுவார். தம்பிக்கு 18ஆம் வாரத்தில்தான் முதல் வேலை. பிரதோஷத்தன்று அபிஷேகத்துக்கு வில்வம் ஆய்ந்து கொடுப்பது. அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் ஆய்ந்தார். ஆய்ந்துகொண்டே இரண்டு பேரும் அந்த வாரத்து அடிகளை ஓதினார்கள்.

கடைசி மாதம் துணையாக இருப்பவர் விலக வேண்டிய மாதம். இதைச் செய்யாவிட்டால் முன்னே செய்ததெல்லாம் வீண். சாமியைப் பிடிக்க வேண்டியவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடையாளம் சுலபமாகத் தெரியும். எதற்கெடுத்தாலும் போன் பண்ணி அனுமதி கேட்பார், அண்ணன் வராத வெள்ளிக்கிழமை தானும் வரமாட்டார், வீட்டில் அப்பா அம்மாவைப் பார்த்து "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேச ஆரம்பிப்பார். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சந்திப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக்கி, கோயிலில் மற்ற நான்கு பேரோடு பழக வைக்க வேண்டும். தம்பி விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. 25ஆம் வாரம் அவனுடைய அறையிலேயே ஒரு சின்னப் பிரார்த்தனை. அவன்தான் நடத்தினான், அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தார். நெருப்புப் பிடிக்காத அந்த அறை நண்பரே பேட்டரி விளக்கு ஒன்று வாங்கி வந்திருந்தார்.

மூன்றாம் எதிர்ப்பு: "இதுக்கெல்லாம் ஆள் எங்கே?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருவரோடு உட்கார்ந்தால் வருஷத்துக்கு இரண்டு பேர். ஆறு பேர் முன்வந்தால் 12 பேர். தைப்பூசத்துக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை என்பீர்கள். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் மறுவாரம் வருகிறார்கள் என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா?

துணையாக உட்காருகிறவர் பெரிய படிப்பாளியாக இருக்கத் தேவையில்லை. தானே தினமும் ஐந்து நிமிஷம் கும்பிடுகிறவராக இருக்க வேண்டும். வாயை மூடிக் கேட்கத் தெரிய வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். நன்றாக மேடையில் பேசுகிறவர்கள் பலர் இதில் மூன்றாவதிலேயே விழுந்துவிடுகிறார்கள்.

சில விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறோம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குத் தெரிந்து, கோயில் மண்டபத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மட்டும். பணம் கொடுக்கல் வாங்கல் கிடையாது, அவசரம் என்றால் நிர்வாகத்திடம் உதவிக்குக் கூட்டிப்போகலாம். கட்சிப் பேச்சு கிடையாது. அவர் சொன்னது எதுவும் குரூப்புக்குப் போகக்கூடாது, நிர்வாகத்துக்கும் போகக்கூடாது. தம்பியைப் பற்றி இங்கே எழுதியதுகூட அவனுக்கு முழுதாகப் படித்துக்காட்டி, அவன் எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டு எழுதியது. இரண்டாம் மாதமும் நான்காம் மாதமும் மூன்றாவது ஆள் ஒருவர் அவரைத் தனியாகப் பார்த்து, எப்படிப் போகிறது, ஏதாவது சங்கடம் உண்டா என்று கேட்பார். பிடிக்கவில்லை என்றால் ஆளை மாற்றுவோம், கோபப்பட மாட்டோம். மனநோய், குடி, அடிதடி என்று ஏதாவது தெரியவந்தால் அது நம் கையில் இல்லை. டாக்டரிடமோ அதற்கான ஆட்களிடமோ கூட்டிப்போக வேண்டும். திருநீறு பூசிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக்கூடாது.

இப்போது எங்களுக்கு அவசரமாக வேண்டியது பெண் தொண்டர்கள். கல்யாணம் ஆகி வந்த சீனப் பெண் ஒருவர் மாமியாரோடு வந்து ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். அவராகவே வந்து, கற்றுக்கொள்ள ஆசை என்று சொன்னார். மலாய் தெரியும், தமிழ் கொஞ்சம்தான். அவருக்குப் பாட்டை மூன்றாம் மாதம்தான் ஆரம்பிப்போம், முதலில் வீட்டு விளக்கு, கோலம், கோயில் சுற்றுவது. அவசரப்படுத்த மாட்டோம். மலாயில் பொறுமையாகச் சொல்லித்தர ஒரு அக்கா வேண்டும். பொங்கல் வைக்க அத்தனை அக்காமார் முன்னால் வருகிறீர்கள், இதற்கும் ஒருவர் வாருங்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்தில் மதமாற்றம் பற்றிப் பேச வேண்டும் என்றால், பேச எழுந்திருக்கிறவர் முதலில் இந்த வருஷம் தான் யாரோடு உட்கார்ந்தார் என்று சொல்லிவிட்டுப் பேசட்டும். பெயர் சொல்லத் தேவையில்லை, ஒரு ஆள் என்று சொன்னால் போதும்.

உட்காரத் தயாராக இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அன்னதானக் கூடத்தில் எங்களைப் பார்க்கலாம். ஷிப்ட் அட்டவணையைக் கையோடு கொண்டு வாருங்கள். தம்பியும் இருப்பான். பாக்கி இருந்த ஏழு அடி இப்போது இரண்டு அடியாகிவிட்டது.